யகூலு, யகூல, யகுல்: அரபியின் நான்கு மறுப்புகள்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் யாரைக் கேட்டாலும் அரபியில் 'இல்லை' என்பதற்கு ஒரே சொல்தான் சொல்வார்கள்: மாஃபி. பணம் இல்லையா, மாஃபி ஃபுலூஸ். தெரியாதா, மாஃபி மஃலூம். பிரச்சினை இல்லையா, மாஃபி முஷ்கில். வரவில்லை, வரமாட்டான், வருவதில்லை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மாஃபி ஈடு கொடுத்துவிடும். கடைத்தெருவிலும் கட்டுமான இடத்திலும் அதை வைத்தே பத்து வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

வாரக் கடைசியில் சிலருக்கு நான் எழுத்து அரபி சொல்லிக்கொடுக்கிறேன். அதில் குவைத்தில் டிரைவராக இருந்து திரும்பிய ஒருவர், பாடம் மறுப்புக்கு வந்ததுமே கேட்டுவிட்டார்: "மாஃபி ஒண்ணே போதும்னு இருக்கும்போது எதுக்கு சார் நாலு?"

எழுத்து அரபியில் வினையை மறுக்க முக்கியமாக நான்கு சிறு சொற்கள் உண்டு: லா, மா, லம், லன். எது எந்தக் காலத்துக்கு என்பதை ஒரே உட்காரலில் மனப்பாடம் செய்துவிடலாம். சிக்கல், பின்னால் வரும் வினை எந்த உருவத்தில் நிற்க வேண்டும் என்பதில். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒலிபெயர்ப்பு பற்றி ஒரு வார்த்தை. அரபியில் வல்லின ப ஒலி கிடையாது. ஆகவே கீழே வரும் ப எல்லாம் 'அம்பு' என்பதில் வரும் மெல்லிய பதான். யக்துபு என்பதில் வரும் து, 'பத்து'வில் வரும் வல்லொலி.

கதப என்றால் 'எழுதினான்'. இது இறந்தகால வடிவம். இலக்கணத்தில் மாளீ என்பார்கள். யக்துபு என்றால் 'எழுதுகிறான், எழுதுவான்'. நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் ஒரே வடிவம். இதற்குப் பெயர் முளாரிஃ. இந்த முளாரிஃதான் கடைசி உயிரை மாற்றிக்கொள்ளும். சாதாரணமாக 'உ'வில் முடியும்: யக்துபு. சில சொற்கள் முன்னால் வந்தால் 'அ'வில் முடியும்: யக்துப. வேறு சில வந்தால் உயிரே இல்லாமல் மெய்யில் நிற்கும்: யக்துப். ரஃப்உ, நஸ்பு, ஜஸ்மு என்று மதரசாவில் ஓதிய பிள்ளைகள் ராகத்தோடு சொல்வது இந்த மூன்று நிலைகளைத்தான்.

இனி நான்கையும் வைத்துப் பார்க்கலாம். லா யக்துபு: எழுதுவதில்லை. லம் யக்துப்: எழுதவில்லை. லன் யக்துப: எழுத மாட்டான். மா கதப: எழுதவேயில்லை.

இரண்டாவதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரு உறுத்தல் வரும். 'எழுதவில்லை' என்பது முடிந்துபோன விஷயம். கதப என்ற இறந்தகால வடிவம் கையில் இருக்கும்போது நிகழ்கால வடிவத்தை இழுத்துவந்து, வாலை நறுக்கி வைப்பானேன்? புதிதாகப் படிப்பவர்கள் 'லம் கதப' என்று எழுதுவது இதனால்தான். அப்படி ஒரு வாக்கியம் அரபியில் கிடையாது. லம்முக்குப் பின்னால் மாளீ வரவே வராது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு உண்மையில் இந்த உறுத்தல் வரத் தேவையில்லை. 'எழுதவில்லை' என்பதில் இறந்தகாலம் எங்கே இருக்கிறது? 'எழுதின்' என்ற அடியைக் காணோம். வெறும் 'எழுத' நிற்கிறது. 'எழுத மாட்டான்' என்பதிலும் அதே 'எழுத'தான். காலத்தைச் சுமப்பது இல்லையும் மாட்டானும். வினை சும்மா கூட நிற்கிறது. லம்மும் லன்னும் செய்வது அதுதான். காலம் மறுப்புச் சொல்லுக்குள் போய்விட்டதால் வினை தன் காலத்தைக் காட்ட வேண்டிய வேலை இல்லை. எதிர்காலம் காட்ட வினைக்கு முன் ஒட்டும் 'ஸ' என்ற எழுத்தும் லன்னோடு சேராது. ஸயக்துபு என்றால் எழுதுவான். அதை மறுத்தால் ஸ போய்விடும், லன் யக்துப மட்டும் மிஞ்சும். எதிர்காலம் காட்டும் இன்னொரு சொல்லான ஸவ்ஃபவையும் சேர்த்து, பத்திரிகைகளில் 'ஸவ்ஃப லன்' என்று அடுக்கி எழுதுகிறவர்கள் உண்டு. இலக்கணக்காரர்கள் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள்.

லம்முக்குப் பின்னால் வரும் அந்த நறுக்கிய வடிவத்துக்கு ஒரு பழங்கதையும் உண்டு. அரபியின் உறவு மொழிகளைப் பார்த்தால், இந்தக் குட்டை வடிவம் ஒரு காலத்தில் இறந்தகாலமாகவே இருந்திருக்கிறது. பழைய மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் இப்ருஸ் என்றால் 'தீர்மானித்தான்', இபர்ரஸ் என்றால் 'தீர்மானிக்கிறான்'. எபிரேயத்திலும் கதை சொல்லும்போது இதே மாதிரி குறுகிய வடிவம் இறந்தகாலத்துக்கு வரும். அரபியில் அந்தப் பழைய இறந்தகாலம் மற்ற இடங்களில் வழக்கொழிந்து, லம்மின் நிழலில் மட்டும் தங்கிவிட்டது என்பதே மொழியியலாளர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். அரபி இலக்கணிகள் இதை வேறு விதமாகச் சொன்னார்கள்: லம் என்பது மறுக்கும், ஜஸ்மு செய்யும், காலத்தைப் புரட்டிப் பின்னால் தள்ளும். மூன்று வேலை.

அப்புறம் அடுத்த கேள்வி. லம்மும் லன்னும் வினையின் வாலைப் பிடித்து மாற்றுகின்றன. லாவும் மாவும் ஏன் தொடுவதில்லை? லா யக்துபு, மா யக்துபு இரண்டிலும் உகரம் அப்படியே இருக்கிறதே?

பழைய இலக்கணிகளின் பதில் எனக்குப் பிடித்த பதில். ஒரு சிறு சொல் வினைக்கு முன் மட்டுமே வருமானால் அது அந்த வினையை ஆளும். வினைக்கும் பெயருக்கும் பொதுவாக வருமானால் ஆளாது. லம், லன் இரண்டும் பெயர்ச்சொல்லுக்கு முன் வரவே வராதவை, ஆகவே ஆள்கின்றன. லாவும் மாவும் இரண்டு பக்கமும் போய்வருபவை. ஆகவே வினையை அதன் போக்கில் விட்டுவிடுகின்றன. இந்த விதிக்கு விலக்கு உண்டு. 'ஸ' வினைக்கு மட்டுமே உரியது, ஆனாலும் எதையும் ஆள்வதில்லை. அது வினையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது என்று சமாதானம் சொல்வார்கள். இருந்தாலும் விதியின் அழகு இன்னொரு இடத்தில் தெரியும். அரபியில் இரண்டு லா உண்டு. ஒன்று செய்தி சொல்லும் லா: லா தக்துபு, 'நீ எழுதுவதில்லை'. இன்னொன்று தடுக்கும் லா: லா தக்துப், 'எழுதாதே'. தடுக்கும் லா வினைக்கு முன் மட்டுமே வரும், பெயருக்கு முன் வர அதற்கு வழியே இல்லை. விதிப்படி அது ஆள வேண்டும். ஆள்கிறது, வினை மெய்யில் முடிகிறது.

இப்போது நடைமுறைக்கு வருவோம். அரபி எழுத்தில் குறில் உயிர்களை எழுதுவதில்லை. யக்துபு, யக்துப, யக்துப் மூன்றையும் செய்தித்தாளில் ஒரே மாதிரிதான் அச்சடிப்பார்கள். வாசிக்கும்போது வாக்கியத்தின் கடைசியில் நிறுத்தினால் மூன்றும் ஒரே மாதிரிதான் காதில் விழும். அப்படியானால் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிற இடங்கள் இருக்கின்றன. தப்பு மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

முதல் இடம், நடுவில் நெடில் உள்ள வினைகள். யகூலு என்றால் 'சொல்கிறான்'. லன் யகூல: சொல்ல மாட்டான். ஆனால் லம் யகுல்: சொல்லவில்லை. நெடில் கூ, குறில் கு ஆகிவிட்டது. காரணம் எளிது. லம் வந்ததும் கடைசி லு தன் உயிரை இழந்து ல் ஆகிறது. அரபிக் கணக்கில் நெடிலின் நீட்டமும் உயிரில்லாத ஓர் எழுத்து. இங்கே அது வாவ். உயிரில்லாத இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பதால் முதலாவது விழுகிறது. லன்னில் கடைசி ல உயிரோடு இருப்பதால் வாவ் பிழைத்துக்கொள்கிறது. தமிழில் குறில் நெடில் பேதம் நமக்குக் காதிலேயே ஊறியது என்பதால் இதைப் பிடிப்பது நமக்குச் சிரமமில்லை. ஆங்கில வழியில் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

வகுப்பில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பியிருந்தார். 'மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை' என்று எழுத வேண்டும். வாவை விடாமல் 'லம் யகூல்' என்று போட்டிருந்தார். இது நம்மவர்கள் மட்டும் செய்யும் தப்பு இல்லை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இணையத்தில் இப்படி எழுதித் தள்ளுகிறார்கள். 'லம் யகுன்' என்பதற்குப் பதில் 'லம் யகூன்' அதைவிட அதிகம். அவர்கள் வீட்டில் பேசும் அரபியில் லம் என்பதே இல்லாததால் எழுதும்போது முழு வினையைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன சோதனை இதுதான்: பன்மையில் சொல்லிப் பாருங்கள். 'அவர்கள் சொல்லவில்லை' என்றால் லம் யகூலூ. அங்கே லகரத்துக்கு உயிர் வந்துவிட்டது, ஆகவே வாவும் திரும்பி வந்துவிட்டது. லகரத்துக்குச் சொந்தமாக உயிர் இருந்தால் நெடில், இல்லாவிட்டால் குறில். சொந்தமாக என்று அழுத்திச் சொல்கிறேன். 'லம் யகுலில் ஹக்க' (உண்மையைச் சொல்லவில்லை) என்று அடுத்த சொல்லோடு சேர்த்து வாசிக்கும்போது நடுவில் ஒரு இகரம் வரும். அது உச்சரிக்க வசதிக்காக வந்த இரவல் உயிர், அதற்காக வாவ் திரும்பாது.

இரண்டாவது இடம், கடைசியில் நெடில் உள்ள வினைகள். யர்மீ (எறிகிறான்) லம்முக்குப் பின் யர்மி ஆகும், லன்னுக்குப் பின் யர்மிய. யன்ஸா (மறக்கிறான்) லம்முக்குப் பின் யன்ஸ. லன்னுக்குப் பின் மாறாமல் யன்ஸா. இங்கே விழுவது உயிர்க்குறி அல்ல, முழு எழுத்து. ஆகவே குறியே இல்லாத அச்சிலும் பளிச்சென்று தெரியும். குர்ஆனின் 87ஆம் அத்தியாயத்தில் 'ஃபலா தன்ஸா' என்று ஒரு தொடர் வருகிறது. 'மறக்காதே' என்று தடையாக இருந்தால் 'லா தன்ஸ' என்று குறுகியிருக்க வேண்டும். நெடில் அப்படியே நிற்பதால் 'நீ மறக்க மாட்டாய்' என்ற உறுதிமொழியாகத்தான் பெரும்பாலான விரிவுரையாளர்கள் கொள்கிறார்கள். கட்டளையா வாக்குறுதியா என்பதை ஒரு நெடில் தீர்த்துவைக்கிறது. ஓசை நயத்துக்காக நீண்டது, தடைதான் என்று சொன்னவர்களும் உண்டு.

மூன்றாவது இடம், 'அவர்கள்', 'நீங்கள்' முதலியவற்றுக்கான வடிவங்கள். யக்துபூன என்றால் 'எழுதுகிறார்கள்'. லம் வந்தாலும் லன் வந்தாலும் கடைசி ன விழுந்து யக்துபூ ஆகும். அதாவது இங்கே நஸ்புக்கும் ஜஸ்முக்கும் வேறுபாடு கிடையாது. குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 24ஆம் வசனத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன: 'ஃபஇன் லம் தஃப்அலூ வலன் தஃப்அலூ'. இரண்டு தஃப்அலூவும் உருவத்தில் ஒன்றே. முதலாவது ஜஸ்மு, இரண்டாவது நஸ்பு. ஒரு ம், ஒரு ன் மட்டும்தான் வித்தியாசம். பொருள்: 'நீங்கள் செய்யாவிட்டால், செய்யவும் மாட்டீர்கள்.' கவனிக்க வேண்டியது, முதல் பாதியில் லம் இருந்தும் அது இறந்தகாலம் இல்லை. முன்னால் நிற்கும் 'இன்' (என்றால்) என்ற நிபந்தனைச் சொல் காலத்தைத் திரும்ப முன்னால் தள்ளிவிட்டது. லம் வந்தாலே இறந்தகாலம் என்று கண்ணை மூடிக்கொண்டு மொழிபெயர்ப்பவர்கள் இங்கே வழுக்குவார்கள்.

தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது என்று மேலே சொன்னேன். அதே தமிழ் காலை வாருகிற இடமும் உண்டு. 'அவர் இங்கே குடியிருக்கவில்லை' என்கிறோம். இப்போது இல்லை என்றும் ஆகலாம், அன்றைக்கு இல்லை என்றும் ஆகலாம்; சூழலை வைத்து நாம் புரிந்துகொள்கிறோம். 'வில்லை' என்றால் லம் என்று பாடம் பண்ணிவைத்தவர் உடனே 'லம் யஸ்குன் ஹுனா' என்பார். வீட்டுக்காரர் அதை 'அந்த ஆள் இங்கே குடியிருந்ததே இல்லை' என்று புரிந்துகொள்வார். சொல்ல வந்தது 'இப்போது இங்கே இல்லை' என்றால் 'லா யஸ்குனு ஹுனா' என்பதுதான் சரி. ஆகவே தமிழ் வாக்கியத்தின் வாலைப் பார்த்து லம்மைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வாக்கியத்தில் 'இப்போது' போட்டுப் பாருங்கள். போட்டாலும் பொருள் கெடாது என்றால் லா, கெட்டால் லம்.

சரி, லம் யக்துப் இறந்தகாலம், மா கதபவும் இறந்தகாலம். இரண்டு எதற்கு? இதற்குப் பழைய இலக்கணி ஸீபவைஹி சொன்ன பதிலைவிட நல்ல பதிலை நான் படித்ததில்லை. 8ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பகுதியிலிருந்து வந்து பஸ்ராவில் படித்தவர். அரபி அவருக்குத் தாய்மொழி அல்ல. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, மறுப்பைத் தனியாகப் பார்க்காமல், எதிராளி என்ன சொன்னான் என்பதோடு சேர்த்துப் பார்த்தார். 'ஃபஅல' (செய்தான்) என்று ஒருவன் சொன்னால், மறுப்பு 'லம் யஃப்அல்'. 'கத் ஃபஅல' (செய்துவிட்டான்) என்றால் மறுப்பு 'லம்மா யஃப்அல்', இன்னும் செய்யவில்லை. 'லகத் ஃபஅல' என்று அடித்துச் சொன்னால் மறுப்பு 'மா ஃபஅல', ஏனென்றால் அவன் சத்தியம் பண்ணுகிற தொனியில் பேசியிருக்கிறான், பதிலும் அந்தத் தொனியில் வர வேண்டும். 'ஸவ்ஃப யஃப்அலு' (செய்வான்) என்றால் 'லன் யஃப்அல'. இப்படி ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டு போகிறார். இன்றைய செய்தி அரபியில் இந்த நுணுக்கமெல்லாம் தேய்ந்து, இறந்தகாலத்துக்கு லம் பொதுச்சொல்லாகிவிட்டது. மா கதப எழுத்தில் சற்றே அழுத்தமாகக் கேட்கும். பேச்சில் கதை தலைகீழ்: லம் காணாமல் போய், மா எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. எகிப்தில் அதன் வாலில் ஒரு 'ஷ்' ஒட்டி 'மா கதப்ஷ்' என்பார்கள். வளைகுடா மாஃபியில் இருப்பதும் இந்த மாதான், பின்னால் 'ஃபீ' சேர்ந்தது.

மாவுக்கு வினை உருவம் பற்றிய கட்டுப்பாடு இல்லை என்பது வசதி. ஆனால் அதிலேயே ஒரு தொல்லை இருக்கிறது. வினையின் வாலைப் பார்த்து இது மறுப்பா என்று கண்டுபிடிக்க முடியாது. மா என்பது 'என்ன' என்றும் வரும், 'எதுவோ அது' என்றும் வரும். நிறையப் பேருக்கு மனப்பாடமாக இருக்கும் 'தப்பத் யதா' சூராவின் இரண்டாம் வசனத்தைப் பாருங்கள்: 'மா அக்னா அன்ஹு மாலுஹூ வமா கஸப்'. மூன்று முறை மா காதில் விழுகிறது. முதல் மா மறுப்பு: பயன்படவில்லை. 'என்ன பயன்பட்டது?' என்று கேள்வியாகக் கொள்வதும் உண்டு. நடுவில் உள்ளது சிறு சொல்லே அல்ல, 'செல்வம்' என்று பொருள்படும் மால் என்ற பெயரின் தொடக்கம். கடைசி மா 'எது'வைக் குறிப்பது: அவன் சம்பாதித்தது. ஆக, 'அவனுடைய செல்வமும் அவன் சம்பாதித்ததும் அவனுக்குப் பயன்படவில்லை'. கடைசி மாவை மறுப்பாக எடுத்தால் 'அவன் சம்பாதிக்கவில்லை' என்று ஆகி, செல்வத்தைப் பற்றிய பேச்சோடு ஒட்டாமல் நிற்கும். மாவைப் பார்த்ததும் முதலில் முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள். அதற்கு ஒரு செயப்படுபொருளோ இணைச்சொல்லோ தேவைப்பட்டால் அது மறுப்பு மாவாக இருக்க வாய்ப்புக் குறைவு.

லன்னைப் பற்றிய ஒரு பழைய சண்டையைச் சொல்லாமல் விட மனசில்லை. குர்ஆனின் 7ஆம் அத்தியாயத்தில் மூஸா நபி இறைவனைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறார். பதில்: 'லன் தரானீ', என்னை நீ காண மாட்டாய். இந்த லன் எவ்வளவு தூரம் போகும்? 12ஆம் நூற்றாண்டில் மறைந்த இலக்கணி ஸமக்ஷரி, லன் என்பது மறுப்பை வலுவாக்கும் என்றும், என்றென்றைக்குமானது ஆக்கும் என்றும் எழுதினார். அவர் முஃதஸிலா கொள்கையைச் சேர்ந்தவர். மறுமையிலும் இறைவனைக் காண முடியாது என்பது அவர்கள் நிலைப்பாடு. லன் என்றால் என்றென்றைக்கும் என்று ஆகிவிட்டால் அந்தக் கொள்கைக்கு இலக்கணமே சாட்சி.

14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இலக்கணி இப்னு ஹிஷாம் இதை ஏற்கவில்லை. கொள்கையை வைத்து வாதாடாமல் இரண்டு வசனங்களை எடுத்துக் காட்டினார். 19ஆம் அத்தியாயத்தில் மர்யம் சொல்வது: 'ஃபலன் உகல்லிமல் யவ்ம இன்ஸிய்யா', இன்று எந்த மனிதரோடும் பேச மாட்டேன். லன் என்றென்றைக்குமானது என்றால் 'இன்று' என்ற சொல் அங்கே எப்படி உட்காரும்? இன்னொன்று 2ஆம் அத்தியாயத்தில்: 'வலன் யதமன்னவ்ஹு அபதா', அதை அவர்கள் ஒருபோதும் விரும்ப மாட்டார்கள். லன்னுக்குள்ளேயே 'ஒருபோதும்' இருக்கிறதென்றால் 'அபதா' என்று தனியே போட்டது கூறியது கூறல் ஆகிவிடுமே. ஆகவே லன் எதிர்காலத்தை மறுக்கும், அவ்வளவுதான். எதுவரைக்கும் என்பதை வாக்கியத்தின் மற்ற சொற்கள்தான் சொல்ல வேண்டும். டிரைவராக இருந்த அந்த மாணவருக்கு இந்த வாதம் ரொம்பப் பிடித்துவிட்டது. 'இன்னைக்குப் பேச மாட்டேன்னு சொன்னா நாளைக்குப் பேசலாம்ல சார்' என்றார். அதேதான்.